கிளியோபாட்ராவின் முத்தும் கெட்டில் கறையும்

ரோமானிய எழுத்தாளர் பிளினி ஒரு விருந்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஒரே வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு கோடி செஸ்டெர்ஸ் காசு செலவழித்துக் காட்டுகிறேன் என்று எகிப்து அரசி கிளியோபாட்ரா, ரோமானியத் தளபதி ஆண்டனியிடம் பந்தயம் கட்டுகிறாள். விருந்து வழக்கம்போலத்தான் நடக்கிறது. ஆண்டனி சிரிக்கிறார். கடைசியில் அரசியின் முன்னால் ஒரு கிண்ணம் வினிகர் வைக்கப்படுகிறது. காதில் தொங்கிய பெரிய முத்தைக் கழற்றி அதில் போடுகிறாள். கரைந்ததும் எடுத்துக் குடித்துவிடுகிறாள்.

கதையில் எவ்வளவு உண்மை என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 2010-ல் அமெரிக்க ஆய்வாளர் புருடென்ஸ் ஜோன்ஸ் இதைச் சோதித்தே பார்த்தார். கடையில் கிடைக்கும் 5 சதவீத வினிகரில் ஒரு கிராம் முத்து கரைகிறது. ஆனால் ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. ஆக, அரசி குடிப்பதற்குக் கொஞ்சம் பொறுமையாகக் காத்திருந்திருக்க வேண்டும், அல்லது முத்தை முன்பே பொடித்திருக்க வேண்டும்.

நம் வீட்டு மின்சாரக் கெட்டிலின் அடியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும் படிவமும், குழாய் நுனியில் மொட்டு மொட்டாக நிற்கும் உப்புக்கறையும், அந்த முத்தும் அடிப்படையில் ஒரே பொருள்தான்: கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல், முட்டை ஓடு, கிளிஞ்சல் எல்லாமே அதுதான். சூடான தண்ணீரில் உண்டாகும் கறை பல சமயம் முத்தில் இருக்கும் அதே படிக வடிவத்தில்கூட இருக்கும். எனவே கறை நீக்கியின் வாழ்க்கை வரலாற்றை அந்த விருந்திலிருந்து தொடங்குவதில் தப்பில்லை. அதில் மூன்று பாத்திரங்கள் வருகின்றன: வினிகர், சிட்ரிக் ஆசிட், கடையில் பெயர் போட்டு விற்கும் கலவைகள்.

வினிகரின் பெருமையை ரோமானியர்கள் கொஞ்சம் ஊதியும் பெருக்கினார்கள். கி.மு. 218-ல் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்த கார்த்தேஜ் தளபதி ஹானிபாலின் படை, வழியை மறித்த பாறையை நெருப்பால் சுட்டு, மேலே வினிகரைக் கொட்டிப் பிளந்தது என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதினார். சூடான பாறையின் மேல் குளிர்ந்த திரவம் எதைக் கொட்டினாலும் விரிசல் விடும். அது சுண்ணாம்புப் பாறையாக இருந்திருந்தால் வினிகரும் தன் பங்குக்கு அரித்திருக்கும். ஆனால் ஒரு மலைப்பாதைக்குத் தேவையான வினிகரை யானைகளோடு யார் சுமந்துவந்தார்கள் என்பதை லிவி சொல்லவில்லை.

அதன்பின் பல நூற்றாண்டுகளுக்குப் புளிப்பு என்றால் ஐரோப்பாவில் வினிகர்தான். அதற்கு ஒரு போட்டியாளர் வந்து நின்ற நாளுக்குத் தேதியே உண்டு. 1747 மே 20 அன்று, சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில், ஈறுகள் அழுகும் ஸ்கர்வி நோயால் படுத்திருந்த 12 மாலுமிகளை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒரு ஜோடிக்கு வினிகர். ஒரு ஜோடிக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும். மற்றவர்களுக்கு ஆப்பிள் மது, நீர்த்த கந்தக அமிலம், கடல்நீர், ஒரு மசாலா லேகியம். எலுமிச்சை ஜோடி சில நாட்களில் எழுந்து நடமாடியது. வினிகர் ஜோடி படுத்தே கிடந்தது. குணமாக்கியது பழத்தில் இருந்த வைட்டமின் சி. அந்தக் காலத்தவருக்கு அது தெரியாது. புளிப்புத்தான் மருந்து என்று நம்பினார்கள். 1795-ல் பிரிட்டிஷ் கடற்படை தன் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்கத் தொடங்கியது. மத்தியதரைக் கடலோரத் தோட்டக்காரர்களுக்கு அது பெரிய சந்தையைத் திறந்துவிட்டது.

இதற்கிடையே கறை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை லண்டனில் ஒருவர் கையில் எடுத்தார். ஹென்றி கேவண்டிஷ் மனிதர்களோடு பேசவே கூச்சப்படுபவர், பெரும் பணக்காரர். 1767-ல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ராத்போன் பிளேஸ் என்ற லண்டன் தெருவின் அடிபம்புத் தண்ணீரைப் பற்றியது. கண்ணாடிபோலத் தெளிந்த அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் வெள்ளை மண் ஏன் படிகிறது? தண்ணீரில் கரைந்திருக்கும் ஒரு வாயுதான் சுண்ணாம்பைக் கரைத்துப் பிடித்து வைத்திருக்கிறது, கொதிக்கும்போது வாயு வெளியேறிவிடுகிறது, பிடி விட்டுப்போன சுண்ணாம்பு அடியில் படிகிறது என்று அவர் கண்டார். அந்த வாயு நாம் இன்று சொல்லும் கார்பன் டை ஆக்ஸைடு.

பூமிக்கடியில் மழைநீர் இந்த வாயுவைச் சேர்த்துக்கொண்டு சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கிறது. போர்வெல் வழியாக வீட்டுக்கு வருகிறது. கெட்டிலில் கொதிக்கும்போது அதே வேலை தலைகீழாக நடக்கிறது. சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். சுண்ணாம்போ சூடு ஏற ஏறக் கரைய மறுக்கும். அதனால்தான் தண்ணீர்ப் பானையில் கறை குறைவு, கெட்டிலிலும் கீசரிலும் அதிகம்.

1784-ல் சுவீடனின் ஷோபிங் என்ற சிற்றூரில் மருந்துக்கடை வைத்திருந்த கார்ல் ஷீலே, எலுமிச்சைச் சாற்றிலிருந்து புளிப்பை மட்டும் தனியே பிரிக்க முனைந்தார். சாற்றைச் சும்மா வற்றவைத்தால் பிசுபிசுப்பான பாகுதான் கிடைத்தது, படிகம் வரவில்லை. எனவே சுற்றுவழியில் போனார். சூடான சாற்றில் சாக்பொடியைப் போட்டார். சாக் என்பதும் கால்சியம் கார்பனேட்தான். நுரைத்துப் பொங்கியது, பிறகு வெள்ளைத் தூளாக ஒன்று அடியில் இறங்கியது. அது கால்சியம் சிட்ரேட். சர்க்கரையும் பிசினும் தண்ணீரோடு போய்விட, இதைக் கழுவி எடுத்துக் கந்தக அமிலம் சேர்த்தார். சுண்ணாம்பைக் கந்தக அமிலம் பிடித்துக்கொண்டது. சிட்ரிக் ஆசிட் விடுபட்டுத் தெளிந்த படிகமாக வந்தது.

இந்தச் சோதனையை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பின் மேல் சிட்ரிக் ஆசிட் படும்போது நுரை வருவதோடு கதை முடிவதில்லை என்பதும், சூட்டில் அந்த வெள்ளைத் தூள் இன்னும் வேகமாக இறங்கும் என்பதும் இதில் இருக்கிறது. கெட்டிலில் பலரைத் திகைக்கவைப்பது இந்தத் தூள்தான்.

ஷீலே இதற்குச் சில ஆண்டுகள் முன்பே டார்டாரிக் அமிலத்தையும் இதே சாக்பொடி வழியில் பிரித்திருந்தார். நம் புளியில் இருக்கும் முக்கியமான புளிப்பு அதுதான். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிறது. ஏனென்றால் அங்கே நீக்க வேண்டியது உலோகத்தின் மேல் ஏறிய களிம்பு. உப்புக்கறை விஷயத்தில் புளி அவ்வளவு உதவாது. சுண்ணாம்போடு அது சேர்ந்து உண்டாகும் பொருளும் தண்ணீரில் எளிதில் கரையாத ரகம்.

வணிகர்கள் ஷீலேயின் சுற்றுவழியைப் பார்த்ததும் அதன் அருமையைப் புரிந்துகொண்டார்கள். எலுமிச்சை அழுகும், சாறு புளித்துப்போகும். கால்சியம் சிட்ரேட் தூளோ பீப்பாயில் அடைத்தால் கடல் தாண்டியும் அப்படியே இருக்கும். சிசிலித் தீவில் தோலிலிருந்து வாசனை எண்ணெயைப் பிழிந்த பிறகு, விலைபோகாத பழங்களின் சாற்றில் சுண்ணாம்பைக் கலந்து சிட்ரேட் ஆக்கி மெஸ்ஸினா துறைமுகம் வழியாக ஏற்றுமதி செய்தார்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஸ்டர்ஜ் சகோதரர்கள் 1826 முதல் அதிலிருந்து சிட்ரிக் ஆசிட் தயாரித்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் சார்லஸ் பைசர் என்ற ஜெர்மானியர் தொடங்கிய மருந்து நிறுவனம் 1880-ல் இந்தத் தொழிலில் இறங்கியது. எலுமிச்சைத் தோப்புகளில் பணம் கொட்டியது. அந்தத் தோப்புகளுக்குக் ‘காவல்’ கொடுக்க வந்த ஆட்களிடமிருந்துதான் சிசிலி மாஃபியா வளர்ந்தது என்று பொருளாதார வரலாற்று ஆய்வாளர்கள் சிலர் 2017-ல் புள்ளிவிவரங்களோடு வாதிட்டிருக்கிறார்கள்.

அப்போது இந்தப் படிகங்கள் குளிர்பானத்துக்கும், மருந்துக்கும், துணிச் சாயத்துக்கும் போயின. கெட்டிலைக் கழுவும் அளவுக்கு மலிவாக இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கறைப்போர் வேறு இடத்தில் நடந்தது. நீராவி இயந்திரங்களின் கொதிகலனுக்குள் கறை விரற்கடை கனத்துக்கு ஏறும், சூடு தண்ணீருக்குப் போகாமல் இரும்பிலேயே தங்கும், நிலக்கரி வீணாகும், சில சமயம் கொதிகலனே வெடிக்கும். எந்திரக்காரர்கள் உள்ளே உருளைக்கிழங்கைப் போட்டுப் பார்த்தார்கள். கிழங்கு குழைந்து, சுண்ணாம்பு கெட்டியாக ஒட்டாமல் சேறாக இறங்க அது ஓரளவு உதவியது. உடனே தவிடு, மரப்பட்டைச் சாறு என்று ஆளுக்கொரு ரகசியக் கலவையை விற்கத் தொடங்கினார்கள். வீடுகளில் இன்னும் எளிய வழி இருந்தது. இங்கிலாந்தில் கெட்டிலுக்குள் ஒரு சிப்பி ஓட்டையோ பளிங்குக் குண்டையோ போட்டு வைப்பார்கள். படிய வேண்டிய சுண்ணாம்பில் ஒரு பங்கு தன் இனத்தைக் கண்டு அதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு இதையே கம்பிச் சுருளாகச் செய்து விற்றார்கள்.

சிசிலியின் ஏகபோகத்தை உடைத்தது நம் சமையலறையிலும் இருக்கும் ஓர் ஆசாமி. பழைய வெங்காயத்தின் தோலை உரித்தால் கரிப்பொடி போலக் கையில் ஒட்டுமே, அந்தக் கறுப்புப் பூஞ்சை. அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்று பெயர். 1893-லேயே ஜெர்மனியின் கார்ல் வேமர், சில பூஞ்சைகள் சர்க்கரையைத் தின்று சிட்ரிக் ஆசிட்டை வெளியிடுகின்றன என்று கண்டு, தொழிலாக்கவும் முயன்றார். வேறு பூஞ்சைகள் தொட்டியில் புகுந்து காரியத்தைக் கெடுத்தன. அமெரிக்க வேளாண் துறையில் பாலாடைக்கட்டிப் பூஞ்சைகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஜேம்ஸ் கரி 1917-ல் வழியைக் கண்டுபிடித்தார். சர்க்கரைக் கரைசலை முதலிலேயே நன்றாகப் புளிப்பாக்கிவிட்டால் கறுப்புப் பூஞ்சை தாக்குப்பிடிக்கும், திருட்டுத்தனமாக நுழையும் மற்றவை பிழைக்காது.

நேரம் கச்சிதமாக அமைந்தது. முதல் உலகப்போரில் இத்தாலியச் சரக்கு தடைப்பட்டிருந்தது. பைசர் கரியை வேலைக்கு எடுத்துக்கொண்டு 1919-ல் சோதனைத் தயாரிப்பைத் தொடங்கி, செய்முறையைப் பூட்டி வைத்தது. ஆனாலும் பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் அதே பூஞ்சையைக் கொண்டு ஆலைகள் முளைத்தன. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சிசிலியின் சிட்ரேட் வியாபாரம் படுத்துவிட்டது. கரியிடம் இளைஞராகச் சேர்ந்த ஜாஸ்பர் கேன், பெரிய தொட்டிகளில் காற்றை ஊதிப் பூஞ்சை வளர்க்கும் வித்தையைப் பழகிக்கொண்டார். இரண்டாம் உலகப்போரில் பென்சிலின் தேவைப்பட்டபோது அந்த அனுபவம்தான் கைகொடுத்தது. புரூக்ளினில் பழைய ஐஸ் ஆலை ஒன்றை வாங்கி, 1944-ல் பென்சிலினைத் தொட்டி தொட்டியாக எடுத்தார்கள். இன்று உலகச் சந்தைக்குச் சிட்ரிக் ஆசிட் அனுப்புவதில் சீனா முன்னால் நிற்கிறது. பூஞ்சைக்குத் தீனி மரவள்ளிக்கிழங்கு, மக்காச்சோளம், கரும்பாலைக் கழிவுப்பாகு. பாக்கெட்டின் மேல் எலுமிச்சம்பழப் படம் இருந்தாலும் உள்ளே இருப்பதற்கும் தோப்புக்கும் சம்பந்தமில்லை.

வினிகரும் இதற்குள் மாறியிருந்தது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் மலிவான வெள்ளை வினிகர் பெரும்பாலும் ஆலையில் செய்த அசிட்டிக் அமிலத்தில் தண்ணீர் கலந்ததுதான். இந்திய உணவு விதிப்படி அதில் அமிலம் குறைந்தது 3.75 சதவீதம் இருக்க வேண்டும். சாலட்டுக்கு எது உயர்ந்தது என்பது வேறு விவாதம். கறைக்கு இதுவே போதும்.

கறை படியும் இடமும் மாறியது. 1913-ல் ஷெஃபீல்டில் துப்பாக்கிக் குழல் தேய்மானத்தைக் குறைக்க உலோகக் கலவைகளைச் சோதித்த ஹாரி பிரியர்லி, சுமார் 13 சதவீதம் குரோமியம் சேர்ந்த எஃகு அமிலத்துக்கு மசியவில்லை என்று கவனித்தார். எலுமிச்சைச் சாற்றையும் வினிகரையும் ஊற்றிப் பார்த்தார், கறையே இல்லை. வினிகர் பரீட்சையில் தேறியே பிறந்த உலோகம் அது. எஃகின் மேற்பரப்பில் குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை விரிக்கிறது; அந்தப் படலம்தான் காவல். சிட்ரிக் ஆசிட் அதைக் குலைக்காது. தொழிற்சாலைகளில் அந்தப் படலத்தை வலுப்படுத்தவே ஸ்டீல் பாகங்களைச் சிட்ரிக் ஆசிட்டில் முக்கி எடுக்கிறார்கள். ஆனால் குளோரைடு என்ற ஒன்று மட்டும் படலத்தை ஊசி குத்துவதுபோல் துளைக்கும்.

குளோரைடு எங்கே இருக்கிறது? டாய்லெட் கழுவும் அடர்த்தியான திரவங்களில் இருக்கிறது. ஹார்பிக் என்ற பெயர் ஹாரி பிக்கப் என்ற ஆங்கிலேயரின் பெயரைச் சுருக்கி வந்தது. இந்தியாவில் விற்கும் அதில் சுமார் 10 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பீங்கானுக்கு அது பொருத்தமான சரக்கு. கறை பார்த்த மாத்திரத்தில் கரையும் என்பதால் அதையே எடுத்து ஸ்டீல் சிங்க்கில் ஊற்றுகிறவர்கள் உண்டு. சுண்ணாம்பு போய்விடும், கூடவே சில நிமிடங்களில் எஃகு மங்கிச் சாம்பல் திட்டு விழும், பிறகு பழுப்புப் புள்ளிகள் வரும். நிக்கல் குறைந்த 202 ரகத்தில் இது 304 ரகத்தைவிடச் சீக்கிரம் நடக்கும். டைல்ஸ் கழுவும் ஆசிட் பாட்டிலைச் சரியாக மூடாமல் சிங்க்குக்குக் கீழ் அலமாரியில் வைத்தாலே, அதன் ஆவி மேலே போய்ச் சிங்க்கின் அடிப்புறம் துருப்பிடிக்கும்.

மூன்றாவது பாத்திரம் வந்தது 1930-களில். சல்ஃபாமிக் அமிலம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆய்வுக்கூடத்தில் தெரிந்த பொருள்தான். அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனம் அதை யூரியாவிலிருந்து மலிவாகச் செய்யக் கற்றது. அமிலம் என்றால் புகையும் திரவம் என்று பழகியிருந்தவர்களுக்கு இது வெள்ளைப் படிகமாக, வாசனையில்லாமல் வந்தது. பாக்கெட்டில் அடைக்கலாம், தபாலில் அனுப்பலாம். வலிமையில் வினிகரையும் சிட்ரிக் ஆசிட்டையும் தூக்கிச் சாப்பிடும், குளோரைடு கிடையாது, சுண்ணாம்போடு சேர்ந்து இது உண்டாக்கும் பொருள் தண்ணீரில் தாராளமாகக் கரையும். கெட்டிலுக்கும் காபி மெஷினுக்கும் விற்கும் பல கறை நீக்கிகளின் உயிர் இதுதான். வேறு சில லாக்டிக் அமிலத்தையும் பாஸ்பாரிக் அமிலத்தையும் வைத்துச் செய்யப்படுகின்றன. கூடவே உலோகத்தைக் காக்கும் சேர்மானமும், கொஞ்சம் நிறமும் வாசனையும். சில பாக்கெட்டுகளைத் திருப்பிப் பார்த்தால் வெறும் சிட்ரிக் ஆசிட் என்றே எழுதியிருக்கும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைப்பதுதான், விலை மட்டும் வேறு.

இனி மூன்றையும் ஒரே கெட்டிலில் வைத்துப் பார்ப்போம். ஒன்றரை லிட்டர் ஸ்டீல் கெட்டில். வீட்டில் போர்வெல் தண்ணீர். ஒவ்வொரு லிட்டரும் கொதிக்கும்போது 100 மில்லிகிராம் சுண்ணாம்பை விட்டுப்போகிறது என்று வையுங்கள். நாளுக்கு மூன்று லிட்டர் கொதித்தால் 0.3 கிராம், ஒரு மாதத்தைக் கொஞ்சம் தாண்டினால் 10 கிராம். புதுக் கெட்டிலைச் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்து வைத்திருந்தால் இதை நேராகவே பார்க்கலாம்.

அந்த 10 கிராமைக் கரைக்க 12 கிராம் அசிட்டிக் அமிலம் வேண்டும். அதாவது 4 சதவீத வினிகரில் 300 மில்லி, அதுவும் ஒரு சொட்டும் வீணாகாமல் வேலை செய்தால். நடைமுறையில் 500 மில்லி வினிகரும் அதே அளவு தண்ணீரும் ஊற்றி, வெதுவெதுப்பாக்கி அணைத்துவிட்டு, ஒரு மணி நேரம் விட வேண்டும். கொதிக்கவைத்தால் கண்ணெரிச்சல்தான் மிச்சம். அமிலம் ஆவியாகி வீட்டைச் சுற்றும். வாசனை போக இரண்டு முறை தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்ட வேண்டும். வினிகரின் ஒரு குணத்தை மட்டும் பாராட்டியே ஆக வேண்டும்: அது உண்டாக்கும் கால்சியம் அசிட்டேட் தண்ணீரில் நன்றாகக் கரையும். மெதுவாகச் செய்யும், ஆனால் குப்பை விட்டுப்போகாது.

இணையத்தில் பரவும் ஒரு யோசனை, வினிகரோடு ஆப்பசோடாவைக் கலப்பது. நுரை பார்க்க அழகாக இருக்கும். கறையைத் தின்ன வேண்டிய அமிலம் சோடாவைத் தின்றுவிட்டு ஓய்ந்துவிடும்.

சிட்ரிக் ஆசிட்டில் அதே 10 கிராம் கறைக்குக் கணக்குப்படி சுமார் 13 கிராம் போதும். கணக்கோடு நிறுத்தினால் ஷீலே கண்ட தூள் நம் கெட்டிலிலும் இறங்கிவிடும். சரியாக அளந்த அமிலம் முழுக்கச் சுண்ணாம்போடு சேர்ந்தால் உண்டாகும் கால்சியம் சிட்ரேட், ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய ஒரு கிராம்தான் கரையும். நமக்கு உண்டாவதோ அதைப்போல் பல மடங்கு. அமிலம் மிச்சம் இருந்தால் மட்டுமே அது கரைந்த நிலையில் தங்கும். எனவே ஒரு லிட்டருக்கு 30 முதல் 40 கிராம், அதாவது குவித்த இரண்டு மேசைக்கரண்டி, போட வேண்டும். இரண்டாவது விஷயம் சூடு. பலர் அமிலத்தைப் போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். வேகமாக முடியும் என்ற எண்ணம். சூட்டில் சிட்ரேட் இன்னும் குறைவாகவே கரையும், இறங்குவதும் விரைவு. சாதாரணத் தண்ணீரில் அல்லது மிதமான வெதுவெதுப்பில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விடுவதே நல்லது. கறை தடியாக இருந்தால் ஒரே தடவையில் அமிலத்தைக் கொட்டாமல், முதல் கரைசலை வெளியே கொட்டிவிட்டுப் புதிதாக இன்னொரு முறை செய்ய வேண்டும்.

தப்பாகிவிட்டதா என்று அறிய ஓர் அடையாளம் உண்டு. குமிழி நின்றுவிட்டது, ஆனால் அடியில் வெள்ளை இருக்கிறது. அதன்மேல் புதுக் கரைசல் சில சொட்டு விடுங்கள். நுரைத்தால் அது மிச்சமிருக்கும் சுண்ணாம்பு. இன்னொரு சுற்று போதும். நுரைக்கவில்லை, விரலால் தேய்த்தால் நைசான மாவாக வருகிறது என்றால் அது சிட்ரேட். நாரால் மெல்லத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒட்டியிருப்பதைப் புதிய குளிர்ந்த கரைசலில் இரவு முழுக்க ஊறவிடலாம். சல்ஃபாமிக் அமிலப் பொடி கைவசம் இருந்தால் அது சீக்கிரம் கரைக்கும். நுரையும் இல்லை, மாவாகவும் வரவில்லை, கண்ணாடிபோல் கெட்டியாக இருக்கிறது என்றால் அது மணல் சத்தான சிலிக்காவாகவோ ஜிப்சமாகவோ இருக்கலாம். சில ஊர்ப் போர்வெல்களில் அது உண்டு. அதற்கு இந்த மூன்றுமே உதவாது.

சல்ஃபாமிக் பொடி 20 கிராம் அளவில் இதே கறையைச் சில நிமிடங்களிலிருந்து கால் மணிக்குள் முடித்துவிடும். அதையும் கொதிக்கவிடக் கூடாது, காரணம் வேறு. அதிகச் சூட்டில் அது உடைந்து சல்ஃபேட்டாக மாறும். சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சமாக இறங்கும். அப்புறம் நீங்களே வரவழைத்த கறையைச் சுரண்ட வேண்டியிருக்கும். வலிமையான அமிலம் என்பதால் கையுறை அவசியம். ஈயம் பூசிய, நாகம் பூசிய பாத்திரங்களில் வேண்டாம். பெயர் போட்ட பாக்கெட்டுக்குக் கூடுதலாகத் தரும் காசு இந்த வேகத்துக்கும், அளந்து வைத்த வசதிக்கும்தான். மாதம் ஒரு முறை கெட்டில் கழுவுகிறவருக்கு அது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். உள்ளே எட்டிப் பார்க்க முடியாத, மெல்லிய குழாய்களுள்ள காபி மெஷின் வைத்திருப்பவர் வாங்கலாம். அங்கே சிட்ரேட் தூள் அடைத்துக்கொண்டால் வெளியே எடுக்க வழியில்லை.

குழாயின் கதை கொஞ்சம் வேறு. 1920-களில்தான் குரோமியம் முலாம் வணிகமாகப் பரவியது. அதற்குமுன் நிக்கல் முலாம். நம் பளபளக்கும் குழாயில் பித்தளை உடம்பு, மேலே நிக்கல், அதற்கும் மேலே ஒரு மைக்ரானுக்கும் குறைந்த குரோமியம். படலத்தில் நுண்ணிய வெடிப்புகள் இருக்கும். அமிலம் அதன் வழியே இறங்கினால் உள்ளே பச்சைக் களிம்பு கிளம்பும். ஆகவே துணியையோ டிஷ்யூ பேப்பரையோ 5 சதவீதச் சிட்ரிக் கரைசலில் நனைத்துச் சுற்றி, அரை மணிக்குள் எடுத்து, தண்ணீர் விட்டு அலசித் துடைத்துவிட வேண்டும். இரவெல்லாம் பையில் வினிகர் கட்டித் தொங்கவிடும் யோசனையைக் குழாய்க்குச் செய்ய வேண்டாம். நுனியிலிருக்கும் ஜல்லடையை மட்டும் கழற்றி ஒரு கிண்ணத்தில் தனியாக ஊறப்போடுங்கள். தண்ணீர் கோணலாகப் பீய்ச்சுவது பெரும்பாலும் அதோடு நேராகிவிடும். தங்க நிறம், கறுப்பு நிறம் பூசிய குழாய்களுக்கு எந்த அமிலமும் ஆபத்து.

ஸ்டீல் சிங்க்கில் அதே கரைசலை நனைத்த காகிதத்தை வடிகால் ஓரத்திலும் மூலைகளிலும் பரப்பி இருபது நிமிடம் விட்டு, எஃகின் வரி போகும் திசையிலேயே நைலான் நாரால் தேய்த்தால் போதும். முன்னதாகப் பக்கத்து மேடை என்ன கல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிரானைட்டுக்குப் பயமில்லை. நம் பழைய சமையலறைகளில் போட்டிருக்கும் கறுப்புக் கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் இனம். சிங்க்கிலிருந்து வழியும் கரைசல் அதன்மேல் நின்றால் கல்லே நுரைக்கும். காய்ந்தபின் பாலிஷ் போன வெளிறிய திட்டு தெரியும், அதை எந்தக் கறை நீக்கியாலும் நீக்க முடியாது. இன்னொன்றும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்: அமிலக் கரைசல் இருக்கும் சிங்க்கில் பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ விழவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் மூடிய சமையலறையில் அது மூச்சைத் திணறவைக்கும். சிங்க்கை நன்றாக அலசி, வடிகாலிலும் நிறையத் தண்ணீர் விட்டபிறகே அந்தப் பாட்டிலைத் திறக்கலாம்.